ஒற்றை நியூரானுக்கு ஏன் எக்ஸார் வரவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்ஸார் எக்ஸார் என்கிறார்களே, எளிமையாகச் சொன்னால் அது என்ன?

உங்கள் வீட்டு மாடிப்படி லைட்தான். கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச், நடுவில் ஒரே விளக்கு. இரண்டு ஸ்விட்சும் ஒரே பக்கம் இருந்தால் விளக்கு அணைந்திருக்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாறியிருந்தால் எரியும். (எலக்ட்ரீஷியன் வயரை மாற்றிப் போட்டிருந்தால் இது அப்படியே தலைகீழாக இருக்கும். நம் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.) ஸ்விட்சின் நிலையை 0, 1 என்று எழுதினால் 0,0 என்றால் 0. 0,1 என்றால் 1. 1,0 என்றால் 1. 1,1 என்றால் 0.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கீழே இருக்கும் ஸ்விட்சை மட்டும் பார்த்து விளக்கு எரிகிறதா என்று உங்களால் சொல்ல முடியாது. மேலே இருப்பதை மட்டும் பார்த்தாலும் முடியாது. ஒரே ஸ்விட்சைத் தட்டினால் ஒரு நேரம் விளக்கு எரிகிறது, இன்னொரு நேரம் அணைகிறது. எது நடக்கும் என்பது மற்ற ஸ்விட்ச் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கீழே வரும் எல்லாத் தகராறுக்கும் வேர் இதுதான்.

பெர்செப்ட்ரான் என்றால் ஒரு நியூரானா, ஒரு நெட்வொர்க்கா?

இன்று பாடப்புத்தகத்தில் பெர்செப்ட்ரான் என்று சொன்னால் ஒற்றைச் செயற்கை நியூரானைத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு உள்ளீட்டையும் ஒரு எடையால் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு, அதோடு பயாஸ் என்ற ஒரு எண்ணைச் சேர். வந்த தொகை பூஜ்யத்தைத் தாண்டினால் 1, இல்லையென்றால் 0. அவ்வளவுதான்:

```
y = 1  if  w1*x1 + w2*x2 + b > 0  else 0
```

படமாகப் பார்க்க வேண்டுமானால், இது ஒரு தாளில் ஸ்கேல் வைத்து இழுத்த ஒரே ஒரு நேர்க்கோடு. கோட்டுக்கு ஒரு பக்கம் இருக்கும் புள்ளிகளுக்கெல்லாம் 1, மறுபக்கம் இருப்பவற்றுக்கு 0. எடைகளை மாற்றினால் கோடு சாயும், பயாஸை மாற்றினால் கோடு நகரும். கோட்டை வளைக்க மட்டும் எந்தத் திருகும் கிடையாது.

இதைக் கண்டுபிடித்தது யார்? முதலில் எப்படி இருந்தது?

ஃபிராங்க் ரோசன்பிளாட். உளவியல் படித்தவர். அமெரிக்காவின் பஃபலோ நகரில் இருந்த கார்னெல் வானூர்தி ஆய்வகத்தில் வேலை பார்த்தார். 1957-ல் முதல் அறிக்கை, 1958-ல் ஆய்வுக் கட்டுரை. அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுப் பிரிவு இதைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டியது. அப்போது தனி இயந்திரம் எதுவும் இல்லை, IBM 704 கணினியில் ஒரு நிரலாகத்தான் ஓடியது. இடப்பக்கம் குறி உள்ள அட்டை எது, வலப்பக்கம் குறி உள்ள அட்டை எது என்று ஐம்பது முயற்சிகளில் அது பிரிக்கக் கற்றுக்கொண்டது. மறுநாள் செய்திகளில், இது நடக்கும், பேசும், தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் என்கிற அளவுக்கு எதிர்பார்ப்பு ஏறிவிட்டது. இடமா வலமா என்பது நேர்க்கோடு ஒன்றே பிரித்துவிடக்கூடிய சுலபமான கணக்கு என்பதை அந்தப் பரபரப்பில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அப்புறம்தான் மார்க் 1 என்ற நிஜ இயந்திரம் வந்தது. 20-க்கு 20 என்று அடுக்கிய 400 ஒளி உணரிகள் அதன் கண். எடைகள் ஒவ்வொன்றும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர், அதாவது பழைய ரேடியோவில் வால்யூம் திருகுவோமே, அந்த வகை. கற்றுக்கொள்ளும்போது சின்னச் சின்ன மோட்டார்கள் அந்தத் திருகுகளைச் சுற்றும். எடை மாறுவதை நீங்கள் காதால் கேட்டிருக்க முடியும்.

எடையை அது தானாகவே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தப்பு செய்தால் மட்டும் திருத்து என்பதுதான் விதி. 1 வர வேண்டிய இடத்தில் 0 வந்தால், அப்போது 1-ஆக இருந்த உள்ளீடுகளின் எடையையும் பயாஸையும் ஒன்று கூட்டு. 0 வர வேண்டிய இடத்தில் 1 வந்தால் அதே எண்களில் ஒன்று கழி. சரியாக வந்தால் எதையும் தொடாதே.

ஆர் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டில் ஒன்றாவது 1 என்றால் விடை 1. எடைகள், பயாஸ் மூன்றும் பூஜ்யத்தில் தொடங்கட்டும். 0,0-க்குத் தொகை 0, விடை 0, சரி. 0,1-க்கும் தொகை 0, விடை 0, ஆனால் 1 வந்திருக்க வேண்டும். ஆகவே w2-வும் b-யும் 1 ஆகின்றன. அடுத்த இரண்டும் அந்தச் சுற்றில் சரியாகவே வருகின்றன. இரண்டாம் சுற்றில் 0,0-க்கு b காரணமாக 1 வந்துவிடுகிறது, ஒன்றைக் கழிக்கிறோம். 1,0-க்கு 0 வருகிறது, கூட்டுகிறோம். மூன்றாம் சுற்றில் 0,0-ல் மட்டும் ஒரு திருத்தம். அதோடு w1 = 1, w2 = 1, b = 0 என்று நின்றுவிடுகிறது. நான்காம் சுற்றில் ஒரு தப்பும் இல்லை.

இப்படி நின்றுவிடுவது அதிர்ஷ்டம் அல்ல. ஏதாவது ஒரு நேர்க்கோட்டால் புள்ளிகளைப் பிரிக்க முடியும் என்றால், இந்தத் திருத்தல் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் முடிந்தே தீரும் என்பதற்கு நிரூபணம் இருக்கிறது. அந்த "என்றால்" என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எக்ஸாரைக் கொடுத்தால் என்ன செய்யும்?

நீங்களே ஓட்டிப் பாருங்கள். எந்த லைப்ரரியும் வேண்டாம்.

```python
data = [((0,0),0), ((0,1),1), ((1,0),1), ((1,1),0)]
w1 = w2 = b = 0
for rnd in range(1, 6):
    wrong = 0
    for (x1, x2), t in data:
        y = 1 if w1*x1 + w2*x2 + b > 0 else 0
        e = t - y
        w1 += e*x1; w2 += e*x2; b += e
        wrong += abs(e)
    print(rnd, wrong, w1, w2, b)
```

திரையில் வருவது இது. முதல் எண் சுற்று, இரண்டாவது அந்தச் சுற்றில் நடந்த தப்புகள், மீதி மூன்றும் சுற்று முடிவில் w1, w2, b.

```
1 2 -1 0 0
2 3 -1 0 1
3 4 -1 0 1
4 4 -1 0 1
5 4 -1 0 1
```

முதல் சுற்றில் இரண்டு தப்பு, அடுத்ததில் மூன்று, அதற்கப்புறம் நான்குக்கு நான்கும் தப்பு. படிக்கப் படிக்க மோசமாகும் மாணவனைப் போல இருக்கிறது. மூன்றாம் சுற்றை மட்டும் கிட்டே போய்ப் பாருங்கள். தொடக்கத்தில் எண்கள் -1, 0, 1. 0,0-க்கு 1 வருகிறது, தப்பு, b குறைந்து 0 ஆகிறது. 0,1-க்கு 0 வருகிறது, தப்பு, w2-வும் b-யும் 1 ஆகின்றன. 1,0-க்கு -1-ம் 1-ம் சேர்ந்து 0, மறுபடி தப்பு, இப்போது எண்கள் 0, 1, 2. கடைசியாக 1,1-க்குத் தொகை 3, விடை 1, அதுவும் தப்பு. மூன்றிலும் ஒன்றைக் கழித்தால் -1, 0, 1. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. செக்கு மாடு மாதிரி இனி எத்தனை சுற்று விட்டாலும் இதே பாதைதான்.

ஒவ்வொரு திருத்தமும் அதனளவில் நியாயமானதே. ஆனால் ஒரு புள்ளிக்காகச் செய்த திருத்தம் அடுத்த புள்ளியைக் கெடுத்துவிடுகிறது.

வேறு தொடக்க எண், ஒன்றுக்குப் பதில் சின்னத் திருத்த ஸ்டெப், லட்சம் சுற்று என்று விட்டாலும் வராதா?

வராது. கற்றுக்கொள்ளும் விதியில் கோளாறு இருந்தால்தானே அதையெல்லாம் மாற்றிப் பார்க்க வேண்டும்? இங்கே தேடும் எண்களே உலகத்தில் இல்லை. நான்கு நிபந்தனைகளையும் எழுதிப் பாருங்கள்:

```
(0,0):  b            <= 0
(0,1):  w2 + b       > 0
(1,0):  w1 + b       > 0
(1,1):  w1 + w2 + b  <= 0
```

நடுவில் உள்ள இரண்டையும் கூட்டினால் w1 + w2 + 2b பூஜ்யத்தைவிடப் பெரியது. அதிலிருந்து ஒரு b-ஐ எடுத்துவிடுவோம். b பூஜ்யமோ அதற்குக் கீழோதான் என்று முதல் வரி சொல்கிறது. அப்படிப்பட்ட எண்ணை எடுத்துவிட்டால் தொகை குறையாது. ஆக w1 + w2 + b-யும் பூஜ்யத்தைவிடப் பெரியது. நான்காவது வரி அதை மறுக்கிறது. முடிந்தது கதை.

கணக்கு வேண்டாம், புரிந்தால் போதும் என்பவர்கள் மாடிப்படிக்குத் திரும்புங்கள். ஒற்றை நியூரானில் w1 கூட்டல் எண் என்றால், முதல் ஸ்விட்சைப் போடுவது எப்போதும் விளக்கை எரிய வைக்கும் பக்கமே தள்ளும். கழித்தல் எண் என்றால் எப்போதும் அணைக்கும் பக்கமே தள்ளும். மற்ற ஸ்விட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று w1-க்குத் தெரியவே தெரியாது. மாடிப்படி லைட்டுக்கோ அது தெரிந்தே ஆக வேண்டும்.

எக்ஸார் மட்டும்தான் இப்படியா?

இரண்டு உள்ளீடு என்றால் சாத்தியமான கணக்குகள் மொத்தம் 16. அவற்றில் 14 ஒற்றை நியூரானுக்கு வரும். வராதவை எக்ஸாரும் அதன் தலைகீழும் மட்டும். இதைக் கேட்டதும் "ரெண்டுதானே, போகட்டும்" என்று தோன்றும். உள்ளீடு மூன்று ஆனால் 256-ல் 104 தான் வரும். நான்கு ஆனால் 65,536-ல் 1,882 தான். அதற்கு மேல் விகிதம் பூஜ்யத்தை நோக்கியே ஓடுகிறது. ஆகவே எக்ஸாரை ஒரு விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலான கணக்குகளின் மிகச் சின்ன மாதிரி அது.

மறை அடுக்கு வந்தால் மட்டும் எப்படித் திடீரென்று வருகிறது?

ஹிட்டன் லேயர் என்று எல்லோரும் சொல்வதைத்தான் இங்கே மறை அடுக்கு என்று எழுதுகிறேன். உள்ளீட்டுக்கும் விடைக்கும் நடுவில் இரண்டு நியூரானை நிறுத்துவோம். முதலாவது h1, ஆர் கணக்கைப் போடும். இரண்டாவது h2, ஆண்ட் கணக்கை, அதாவது இரண்டும் 1 ஆக இருந்தால் மட்டும் 1. இரண்டுமே ஒற்றை நியூரானுக்கு வருகிற கணக்குகள்தான். கடைசி நியூரான் x1, x2-வைப் பார்க்காது, h1, h2-வை மட்டுமே பார்க்கும்.

```
h1 = 1 if x1 + x2 - 0.5 > 0 else 0
h2 = 1 if x1 + x2 - 1.5 > 0 else 0
y  = 1 if h1 - h2 - 0.5 > 0 else 0

x1 x2 | h1 h2 | y
0  0  | 0  0  | 0
0  1  | 1  0  | 1
1  0  | 1  0  | 1
1  1  | 1  1  | 0
```

"ஒன்றாவது இருக்கிறது, ஆனால் இரண்டும் இல்லை" என்பதைத்தான் இது சொல்கிறது. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். என்னைக் கேட்டால், விஷயமே நடுப் பத்தியில்தான் இருக்கிறது. இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் பாருங்கள். உள்ளே போகும்போது 0,1-ம் 1,0-ம் வெவ்வேறு புள்ளிகள். மறை அடுக்கைத் தாண்டியதும் இரண்டும் 1,0 என்ற ஒரே புள்ளி. நான்கு புள்ளிகள் மூன்றாகிவிட்டன. அந்த மூன்றை ஒரே நேர்க்கோடு பிரித்துவிடும்.

கையில் ஒரு சதுரத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் இடது மூலையில் 0,0, மேல் வலது மூலையில் 1,1 என்று எழுதுங்கள். இந்த இரண்டுக்கும் விடை 0. மற்ற இரண்டு மூலைகளுக்கும் விடை 1. எதிரெதிர் மூலைகள் ஒரே கட்சி. எந்தப் பக்கம் ஸ்கேல் வைத்தாலும் ஒரு மூலையாவது தவறான பக்கம் போய்விழும். இப்போது தாளை 0,0 மூலையிலிருந்து 1,1 மூலை வரை குறுக்கே மடியுங்கள். 1 விடை உள்ள இரண்டு மூலைகளும் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்காரும். கத்தரிக்கோலை எடுத்து அந்த ஒரு மூலையை மட்டும் நேராக ஒரே வெட்டு வெட்டினால் போதும், வேலை முடிந்தது.

இதை வெறும் உவமை என்று நினைக்காதீர்கள். மேல் இடது பாதி கீழ் வலது பாதியின் மேல் வந்து படியும்படி மடித்தால், ஒவ்வொரு புள்ளியின் புதிய முதல் எண் பழைய இரண்டில் பெரியது, இரண்டாவது எண் சிறியது. 0, 1 மட்டும் இருக்கும்போது இரண்டில் பெரியது என்பதே ஆர், சிறியது என்பதே ஆண்ட். அதாவது நம் மூலைகளைப் பொறுத்தவரை h1-ம் h2-ம் செய்தது அப்படியே இந்த மடிப்புதான். கடைசி நியூரான் இன்னமும் ஸ்கேல் மட்டும் பிடிக்கத் தெரிந்த அதே பழைய ஆள். மடித்துக் கொடுத்ததால் அவனுக்கு வேலை சுலபமாகிவிட்டது.

அப்படியானால் அடுக்கு சேர்த்தாலே போதுமா?

போதாது. நடுவில் உள்ள நியூரான் வெறும் பெருக்கல் கூட்டலோடு நிறுத்திக்கொண்டால், நூறு அடுக்கு வைத்தாலும் ஒற்றை நியூரான்தான். h1 என்பது 2*x1 + 3*x2, h2 என்பது x1 - x2, கடைசியில் h1 + 4*h2 என்று வைத்துக்கொள்வோம். விரித்தால் 6*x1 - x2. நடுவில் இரண்டு நியூரான் இருந்த தடமே இல்லை. தாளை இழுக்கலாம், சாய்க்கலாம், சுழற்றலாம், மடிப்பு மட்டும் விழாது. தொகையை ஏதாவது ஒரு இடத்தில் வளைக்க வேண்டும். பழைய பெர்செப்ட்ரானில் 0/1 படி வளைத்தது. இன்று S வடிவில் ஏறும் சிக்மாய்டு, தொகை பூஜ்யத்துக்குக் கீழே போனால் 0 என்று வெட்டிவிட்டு மற்றதை அப்படியே விடும் ரெலு போன்றவை வளைக்கின்றன.

இதில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். அரை நாள் போயிற்று. மாடல் ஓடுகிறது, எரர் எதுவும் வரவில்லை, நான்கு உள்ளீட்டுக்கும் 0.5 என்றே விடை. ஸ்டெப்பைக் குறைத்தேன், கூட்டினேன், நியூரானை இரண்டிலிருந்து ஐம்பதாக்கினேன், ஒன்றும் அசையவில்லை. கடைசியில் பார்த்தால் பைடார்ச் நிரலில் இரண்டு `nn.Linear` வரிகளுக்கு நடுவில் `nn.ReLU()` போட மறந்திருக்கிறேன். நேர்க்கோடு மட்டும் தெரிந்த மாடல் எக்ஸாருக்கு மிக நெருக்கமாகச் சொல்லக்கூடிய விடை எல்லாவற்றுக்கும் 0.5 என்பதுதான். பாவம், அதால் முடிந்ததை அது செய்திருக்கிறது.

மின்ஸ்கி எழுதிய புத்தகம் எக்ஸாரைக் காட்டி இந்தத் துறையையே சாகடித்தது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. மார்வின் மின்ஸ்கியும் சீமோர் பாப்பர்ட்டும் 1969-ல் "பெர்செப்ட்ரான்ஸ்" என்ற நூலை வெளியிட்டார்கள். அதன் கனம் இரண்டு பிட் எக்ஸாரில் இல்லை. உள்ளீட்டில் உள்ள ஒன்றுகள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா, ஒரு படத்தில் உள்ள உருவம் துண்டுபடாமல் ஒரே தொடர்ச்சியாக இருக்கிறதா என்பவை போன்ற கேள்விகளை எடுத்துக்கொண்டு, படத்தின் சின்னச் சின்னப் பகுதிகளை மட்டும் பார்க்கும் பெர்செப்ட்ரானால் இவற்றைச் சொல்ல முடியாது என்று கணித முறையில் காட்டினார்கள். எக்ஸார் என்பது அந்த ஒற்றைப்படைக் கேள்வியின் மிகச் சின்ன வடிவம். சொல்ல வசதியாக இருந்ததால் அது மட்டும் நிலைத்துவிட்டது.

பல அடுக்கு வைத்தால் எக்ஸார் வரும் என்பது அவர்களுக்கும் தெரியும், ரோசன்பிளாட்டுக்கும் தெரியும். மார்க் 1-லேயே கண்ணுக்கும் விடைக்கும் நடுவில் 512 அலகுகள் இருந்தன. ஆனால் அவற்றுக்குப் போகும் வயர்கள் தற்போக்காகச் செருகப்பட்டு அப்படியே விடப்பட்டவை. மோட்டார் திருகியதெல்லாம் நடு அலகிலிருந்து விடைக்குப் போகும் எடைகளை மட்டும். மடிப்பு எங்கே விழ வேண்டும் என்பதை இயந்திரம் கற்றுக்கொள்ளவில்லை, குருட்டாம்போக்கில் விழுந்த மடிப்புகளை வைத்துச் சமாளித்தது. இதைக் கற்கும் அடுக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் "பெர்செப்ட்ரானில் நடு அடுக்கே இல்லை" என்பதும் தப்பு.

பல அடுக்குக்குப் போனாலும் பெரிதாக ஒன்றும் தேறாது என்பதே தங்கள் உள்ளுணர்வு என்று அந்த நூலில் ஓர் இடத்தில் எழுதினார்கள். அதற்கு நிரூபணம் கொடுக்கவில்லை. என் பார்வையில், நூலின் தேற்றங்களைவிட அந்த ஓரிடம்தான் அதிகச் சேதம் செய்தது. இன்னொரு வேடிக்கை, மின்ஸ்கியும் ரோசன்பிளாட்டும் நியூயார்க்கின் பிராங்க்ஸ் அறிவியல் பள்ளியில் படித்தவர்கள். ரோசன்பிளாட் 1971-ல் தன் 43-வது பிறந்தநாளன்று படகு விபத்தில் இறந்துபோனார். பல அடுக்கு வெற்றி பெற்றதை அவர் பார்க்கவில்லை.

விடை தெரிந்திருந்தும் ஏன் 1986 வரை ஆயிற்று?

மேலே h1 ஆர், h2 ஆண்ட் என்று எடையெல்லாம் சொன்னது நான். இயந்திரம் கண்டுபிடிக்கவில்லை. கடைசி நியூரான் தப்பு செய்தால் என்ன வந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். h1-க்கு என்ன வந்திருக்க வேண்டும் என்று யார் சொல்வது? தப்புக்குக் காரணம் h1-ஆ, h2-ஆ, கடைசி நியூரானா? பழியை எப்படிப் பங்கு போடுவது?

எடையை மிகக் கொஞ்சம் அசைத்துப் பார்த்து, தப்பு எவ்வளவு குறைகிறது என்று அளந்தால் பங்கு தெரிந்துவிடும். இங்கேதான் 0/1 படி காலை வாருகிறது. தொகை 0.3-லிருந்து 0.31 ஆனாலும் வெளியீடு அதே 1. அசைத்ததே தெரியாது. சரிவு எங்கும் பூஜ்யம். படிக்குப் பதில் வழவழப்பாக ஏறும் சிக்மாய்டு வளைவை வைத்தால், சின்ன அசைவும் சின்ன மாற்றமாக வெளியே தெரியும். அப்புறம் கடைசியில் வந்த பிழையை, வந்த வழியே எடைகளாலும் சரிவுகளாலும் பெருக்கிக்கொண்டு பின்னால் அனுப்பலாம். ஒவ்வொரு எடைக்கும் அதன் பங்கு கிடைத்துவிடும். பேக்ப்ராப்பகேஷன் என்பது இதுதான். பால் வெர்போஸ் 1974-லேயே தன் முனைவர் ஆய்வேட்டில் இந்த வழியை எழுதியிருந்தார். ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் 1986-ல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் பரவலாகப் பிடித்துக்கொண்டது.

நான் ஓட்டினால் சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை. ஏன்?

விடைகளை அச்சிட்டுப் பாருங்கள், அதிலேயே காரணம் தெரியும். நான்குக்கும் 0.5, சராசரி இருமடிப் பிழை 0.25-லேயே நிற்கிறது என்றால் முதலில் வளைவு போட மறந்தீர்களா என்று பாருங்கள். அது சரி என்றால் எல்லா எடையையும் பூஜ்யத்தில் தொடங்கினீர்களா என்று பாருங்கள். ஒற்றை நியூரானை பூஜ்யத்தில் தொடங்கினால் பரவாயில்லை, ஆரில் பார்த்தோமே. மறை அடுக்கோடு தொடங்கினால் நான்கு பிழைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு திருத்தம் பூஜ்யமாகிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே எண், உதாரணமாக 0.3 கொடுத்தாலும் தப்பிக்க முடியாது. h1-க்கும் h2-க்கும் ஒரே எடை, ஆகவே ஒரே திருத்தம், ஆகவே மறுபடி ஒரே எடை. கடைசிவரை இரட்டைப் பிள்ளைகளாகவே நடப்பார்கள். இரண்டு இருந்தும் ஒன்றுதான். தற்போக்கு எண்களில் தொடங்குவது இந்த இரட்டையரைப் பிரிப்பதற்காகத்தான்.

இரண்டு விடை சரியாகவும் மீதி இரண்டு 0.5 பக்கத்திலும், பிழை 0.125 அருகிலும் நின்றால் அது வேறு நோய். ஒரு மடிப்பு விழுந்துவிட்டது, இன்னொன்று விழவில்லை, சரிவு ஏறக்குறைய தட்டையான இடத்தில் நிற்கிறீர்கள். ரெலு என்றால், ஒரு நியூரான் நான்கு உள்ளீட்டுக்கும் 0 கொடுத்துச் செத்துப்போயிருக்கலாம். அதற்குத் திருத்தமே போய்ச் சேராது. வேறு தற்போக்கு எண்ணில் தொடங்குங்கள், அல்லது நடுவில் இரண்டுக்குப் பதில் நான்கோ எட்டோ நியூரான் வையுங்கள். இரண்டு இருந்தால் விடை இருக்கிறது என்பது உண்மை. ஆனால் விடை இருப்பது வேறு, தேடும்போது அகப்படுவது வேறு. நாலைந்து கூடுதலாக இருந்தால் சிலது வீணாய்ப் போனாலும் மீதி சமாளிக்கும்.

ஒரே ஒரு நியூரானால் எக்ஸார் முடியவே முடியாது என்று அடித்துச் சொல்லலாமா?

நிபந்தனையோடுதான் சொல்ல வேண்டும். x1*x2 என்று ஒரு மூன்றாவது உள்ளீட்டை நீங்களே பெருக்கிக் கொடுத்தால், x1 + x2 - 2*x1*x2 - 0.5 என்று ஒற்றை நியூரான் அழகாகச் செய்துவிடும். அங்கே மடிப்பு வேலையை நீங்கள் செய்துவிட்டீர்கள். தொகை 0.5-க்கும் 1.5-க்கும் நடுவில் இருந்தால் மட்டும் 1 என்று வெளியீட்டு விதியை மாற்றினாலும் வரும். ஒரே திசையில் ஏறும் விதி என்றால்தான் வராது.

நிஜ மூளை செல்லையும் இதில் இழுக்கக் கூடாது. மனித மூளைப் புறணியின் செல்களில், உள்ளீடு அளவாக இருந்தால் துடித்து, அதிகமானால் அடங்கிப்போகும் மின் துடிப்புகளை அவற்றின் கிளைகளில் கண்டதாக 2020-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. அந்தக் கிளை ஒன்றே எக்ஸார் போடப் போதும். நாம் நியூரான் என்று கூப்பிடுவது அந்த செல்லின் மிக மலிவான நகல்.

மூன்று, நான்கு ஸ்விட்ச் என்றால் மறை அடுக்கில் எத்தனை நியூரான் வேண்டும்?

ஒன்றுகள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் விளக்கு எரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். n ஸ்விட்சுக்கு n நியூரான் போதும். எல்லா ஸ்விட்சையும் எடை 1 வைத்துக் கூட்டுங்கள். முதல் நியூரான் "குறைந்தது ஒன்று இருக்கிறதா", இரண்டாவது "குறைந்தது இரண்டு இருக்கிறதா", மூன்றாவது "குறைந்தது மூன்று இருக்கிறதா" என்று கேட்கும். கடைசி நியூரான் இவற்றை +1, -1, +1, -1 என்று மாற்றி மாற்றிக் கூட்டும், பயாஸ் -0.5. நான்கில் மூன்று ஸ்விட்ச் போட்டிருந்தால் 1 - 1 + 1 - 0.5, அதாவது 0.5, விளக்கு எரியும். நான்கும் போட்டிருந்தால் -0.5, அணையும். இதில் n-க்கு 2 போட்டால் வருவது மேலே பார்த்த அதே ஆர், ஆண்ட் ஜோடிதான்.

உள்ளீட்டிலிருந்து கடைசி நியூரானுக்கு நேராகவும் வயர் இழுக்கலாம் என்றால் இரண்டு ஸ்விட்ச் எக்ஸாருக்கு மறை நியூரான் ஒன்றே போதும். அது ஆண்ட் போடட்டும், அதன் எடை -2. இரண்டு ஸ்விட்சும் போட்டிருக்கும்போது வரும் 2-ஐ அது வந்து கழித்துவிடும்.